பீரோவும் டிஎன்எஸ்ஸும்

"கேம் இறங்கவே மாட்டேங்குது" என்று புகார் வரும் வீடுகளுக்கு நான் போய்ச் சேரும்போது, பெரும்பாலும் டிஎன்எஸ் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும். நண்பன் சொல்லியிருப்பான், இல்லாவிட்டால் ஏதாவது வீடியோவில் பார்த்திருப்பார்கள். "8.8.8.8 போட்டேன்ணா, அப்புறம் 1.1.1.1 போட்டேன். கொஞ்ச நேரம் வேகமா வந்துச்சு, திரும்பவும் அதே கதைதான்" என்பார்கள்.

தென்சென்னையில் ஒரு சிறிய பிராட்பேண்ட் நிறுவனத்துக்காக ஃபைபர் இழுக்கிறவன் நான். கேபிள் டிவி காலத்திலிருந்தே கம்பம் ஏறுகிற தொழில்தான். அப்போது படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் கூப்பிடுவார்கள். இப்போது கேம் கன்சோலில் "7 மணி நேரம் மீதம்" என்று காட்டினால் கூப்பிடுகிறார்கள். அந்த ஏழு மணி நேரம் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அது தொலைகிற இடம் சில வீடுகளில் டிஎன்எஸ், பல வீடுகளில் சுவர். இரண்டும் சேர்ந்தே படுத்திய வீடும் உண்டு. அப்படிப்பட்ட வேளச்சேரி அடுக்குமாடி வீடு ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன்.

மூன்றாவது மாடி, வாடகைக் குடித்தனம். 200 எம்பிபிஎஸ் இணைப்பு. உள்ளறையில் பிஎஸ் 5. கல்லூரியில் படிக்கும் பையன் சுமார் 90 ஜிபி கேம் ஒன்றை இறக்கத் தொடங்கியிருந்தான். திரையில் ஏழு மணி நேரத்துக்கு மேல் காட்டியது.

எதையும் தொடுவதற்கு முன் எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடுவேன். இணைப்பின் வேகத்தை பிட்டில் சொல்கிறார்கள், கேமின் அளவை பைட்டில் சொல்கிறார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட். ஆகவே 200 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 25 எம்பி. 90 ஜிபி இறங்க ஒரு மணி நேரம். இதே கேமுக்கு 50 எம்பிபிஎஸ் இணைப்பில் நாலு மணி நேரம் ஆகும், அங்கே பழுது என்று எதுவும் இல்லை. இந்தக் கணக்கைக் காட்டியதும் சில வீடுகளில் புகாரே முடிந்துவிடும். இந்த வீட்டில் ஒரு மணி நேர வேலை ஏழு மணி நேரமாகியிருந்தது. திருப்பிக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 28 எம்பிபிஎஸ்தான் வந்துகொண்டிருந்தது.

"பின்னாடி ஏதாவது கேம் ஓடுதாப்பா?" என்று கேட்டேன். ஓடிக்கொண்டிருந்தது. மூடச் சொன்னேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. 2017-இல் யூஹோ ஸ்னெல்மன் என்ற நெட்வொர்க் பொறியாளர் பிஎஸ் 4-இன் போக்குவரத்தை ஆராய்ந்து ஒன்றைக் கண்டறிந்தார். பின்னணியில் கேம் திறந்திருந்தால், "ஒரே நேரத்தில் இவ்வளவுதான் அனுப்பு" என்று சர்வரிடம் சொல்லும் அளவை அந்தக் கன்சோல் தானே வெகுவாகக் குறைத்துக்கொள்கிறது. விளையாட்டு தடங்கலில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. எக்ஸ்பாக்ஸிலும் கேம் ஓடும்போது பதிவிறக்கம் மெதுவாகலாம். 2021-இல் அதற்கென்றே "Suspend my game" என்ற பொத்தானைச் சேர்த்தார்கள்.

டிஎன்எஸ்ஸுக்குக் கிடைக்கும் நல்ல பெயரில் பாதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் எண்ணம். அமைப்புகளை மாற்றப் போகிறவர் கேமை மூடுகிறார், இணைப்பைத் துண்டித்து மறுபடி சேர்க்கிறார், சிலர் கன்சோலையே அணைத்துப் போடுகிறார்கள். வேகம் கூடுகிறது. பெயர் டிஎன்எஸ்ஸுக்குப் போகிறது. மறுபடி கேமைத் திறந்ததும் வேகம் படுத்துவிடுகிறது.

இந்த வீட்டில் கேமை மூடியும் பெரிய மாற்றம் இல்லை. அடுத்தது ஒயர்.

என் பையில் எப்போதும் 20 மீட்டர் கேட் 6 கேபிள் ஒன்று இருக்கும். எது குற்றவாளி என்பதை அந்த ஒயர் சொல்வதுபோல எந்தச் செயலியும் சொல்லாது. ஃபைபர் வந்து முடிகிற பெட்டியை நாங்கள் ஓஎன்யு என்போம். வீட்டுக்காரர்கள் அதையே ரூட்டர் என்பார்கள், பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிதான். இந்த வீட்டில் அது வாசல் கதவுக்கு மேலே லாஃப்ட்டில், அட்டைப் பெட்டிகளுக்கும் கொலு படிகளுக்கும் நடுவே இருந்தது. ஷாஃப்ட் வழியாக ஏறும் ஃபைபர் அங்கேதான் வீட்டுக்குள் நுழைகிறது, போட்டவர் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் லேப்டாப்பை ஓஎன்யுவின் இரண்டாவது போர்ட்டில் செருகியபோது 94 எம்பிபிஎஸ் வந்தது. முதல் போர்ட்டில் செருகியபோது 190-ஐத் தாண்டியது. 94-ஐ ஒட்டி ஓர் எண் அசையாமல் நின்றால் இடையில் எங்கோ 100 எம்பிபிஎஸ் தடை இருக்கிறது என்று அர்த்தம். விலை மலிந்த ஓஎன்யுக்களில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 ஆகவும் இருப்பது சாதாரணம். கேபிளாலும் இது நேரலாம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். கிகாபிட்டுக்கு மட்டும் தேவைப்படும் ஜோடிகளில் ஒன்று உள்ளே அறுந்தால் இணைப்பு நிற்காமல், சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கலாம்.

முதல் போர்ட்டிலிருந்து அதே கேபிளை உள்ளறைவரை இழுத்து பிஎஸ் 5-இல் செருகினேன். Settings, Network, Connection Status, Test Internet Connection என்று போனால் கன்சோலே வேகத்தைச் சொல்லும். வைஃபையில் 30-ஐ ஒட்டி இருந்தது ஒயரில் 185 ஆனது. ஆக, காற்றில்தான் பெரும் இழப்பு. ஆனால் பதிவிறக்கத்தை மறுபடி தொடங்கியபோது மூன்று மணி நேரம் காட்டியது. தொடங்கியதும் அந்த மதிப்பீடு மேலும் கீழும் குதிக்கும் என்பதால் ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்தேன். அப்போதும் மூன்று மணிதான். ஒயரில், 185 வருகிற இடத்தில், ஒரு மணி நேரத்தை ஒட்டி அல்லவா காட்ட வேண்டும்? ஆக இரண்டு நோய். ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது, இன்னொன்று வீட்டுக்கு வெளியே.

முதலில் வீட்டுக்குள் இருப்பதைப் பார்த்தேன். கைப்பேசியில் வைஃபை பலத்தை அளக்கும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. அவை காட்டும் டிபிஎம் அளவு மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டே இருக்கிறதோ அவ்வளவு பலம். 3 குறைந்தால் பலம் பாதியாகிவிட்டது என்று பொருள். ரூட்டருக்குக் கீழே நின்றபோது மைனஸ் 38. கூடத்தில் மைனஸ் 55. உள்ளறை வாசலில் மைனஸ் 63. கன்சோல் இருந்த மூலையில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மைனஸ் 80-க்கும் கீழே போய்விட்டது. அந்த நிலையில் கன்சோல் தானாகவே 2.4-க்குத் தாவியிருந்தது.

2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகப் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 என மூன்றே. அடுக்குமாடியில் மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு எல்லோரும் அந்த மூன்றில்தான் முண்டியடிக்கிறார்கள். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும்கூட அதே இடத்தில்தான். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் அதற்குச் சுவர் ஆகாது.

வாசலில் மைனஸ் 63, பத்தடி தள்ளி மைனஸ் 80 என்றால் நடுவில் சுவரைவிடக் கெட்டியான ஏதோ ஒன்று இருக்க வேண்டும். இருந்தது. கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. வாசலுக்கும் கன்சோலுக்கும் நடுவே சரியாக நின்றது. செங்கல் சுவர் அலையில் ஒரு பகுதியைத்தான் விழுங்கும். இரும்புத் தகடு உள்ளே விடவே விடாது, திருப்பி அடித்துவிடும். அந்த மூலைக்குச் சுவரில் பட்டுத் தெறித்து வந்த மிச்சம் மட்டுமே போய்ச் சேர்ந்தது.

"பீரோவைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா அம்மா?" என்று கேட்டேன்.

"அது கன்னி மூலை தம்பி. வடக்குப் பார்த்து வச்சிருக்கோம். அதைத் தொடாதீங்க, வேற என்ன வேணும்னாலும் பண்ணுங்க."

பீரோ நகராது என்றால் ரூட்டர் நகர வேண்டும். கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையில் ஒரு திறந்த அலமாரி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் உள்ளறைக் கதவு வழியாக, பீரோவை ஒட்டி, கன்சோல் நேராகத் தெரிந்தது. எங்கள் தொழிலில் கண்ணால் பார்க்க முடிகிற பாதையைத்தான் முதலில் தேடுவோம்.

ஓஎன்யுவைக் கீழே இறக்குவது ஒயரிங் வேலை மட்டுமல்ல. ஃபைபரை மின்கம்பியைப் போல மடக்கக் கூடாது. எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வரும் வளைவைவிடக் குறுகினால் ஒளி வெளியே கசியும். சிவப்பு விளக்கு எரியாது, இணைப்பும் அறாது, ஆனால் வேகம் தள்ளாடும். அதனால்தான் வீட்டுக்காரர்களிடம் அந்த மெல்லிய ஒயரை நீங்களாக இழுக்காதீர்கள் என்று சொல்கிறோம். லாஃப்ட்டில் சுருட்டி வைத்திருந்த உபரி நீளத்தைச் சுவரோரமாகக் கொண்டுவந்து, முனையில் புதிதாகக் கனெக்டர் போட்டு, அலமாரியின் மேல்தட்டில், இடுப்புக்கு மேல் மார்பளவு உயரத்தில் ஓஎன்யுவை வைத்தேன்.

ஆண்டெனாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குச்சி ஆண்டெனா தன் பக்கவாட்டில்தான் அலையை நன்றாக வீசும், நுனி காட்டும் திசையில் பலம் குறைவு. ரூட்டரும் கன்சோலும் ஒரே மாடியில் இருந்தால் குச்சி நேராக நிற்க வேண்டும். கன்சோலை நோக்கித் துப்பாக்கி பிடிப்பதுபோல நீட்டி வைத்தால் பலவீனமான பக்கம்தான் அதற்குக் கிடைக்கும். டிவிக்குப் பின்னால் ரூட்டரை ஒளித்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது, டிவியின் முதுகுக்குள்ளும் உலோகத் தகடு இருக்கிறது.

அடுத்து, இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்ததைப் பிரித்து வேறு வேறு பெயர் வைத்தேன். ஒரே பெயரில் இருந்தால் எதில் ஒட்டிக்கொள்வது என்பதைக் கருவி தீர்மானிக்கும், அது 2.4-இலேயே உட்கார்ந்துவிடலாம். பிஎஸ் 5-ஐ 5 கிகாஹெர்ட்ஸ் பெயரில் மட்டும் சேர்த்தோம். பழைய 2013 பிஎஸ் 4-இல் இந்த வழி இல்லை, அதற்கு 2.4 மட்டுமே தெரியும். அங்கே ஒயர் ஒன்றுதான் மருந்து. இங்கே கன்சோல் மூலையில் மைனஸ் 58 வந்தது. சோதனையில் 170-க்கு மேல். ஒயரின் எண்ணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. முதல் நோய் தீர்ந்தது.

பதிவிறக்கம் மட்டும் இன்னும் மூன்று மணி நேரத்தில் நின்றது. இப்போதுதான் டிஎன்எஸ்ஸின் முறை.

டிஎன்எஸ் வழியாகக் கேம் வருவதில்லை. ஒரு பெயரைக் கொடுத்தால் அதற்குரிய எண் முகவரியைச் சொல்வது மட்டுமே அதன் வேலை, அதுவும் சில மில்லி நொடிகளில் முடிந்துவிடும். அப்படியானால் வேகத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? கேம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. அதன் பிரதிகளை உலகின் பல ஊர்களில் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர் முகவரியைக் கொடுப்பது என்பதைப் பெரும்பாலும் கேள்வி எந்த டிஎன்எஸ் சர்வரிடமிருந்து வருகிறது என்பதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். கேட்கும் சர்வர் சிங்கப்பூரில் இருந்தால், வேளச்சேரிக்காரருக்கும் சிங்கப்பூர் முகவரி கிடைக்கலாம். இதைத் தவிர்க்க, கேட்பவர் இருக்கும் முகவரியின் ஒரு பகுதியையும் கேள்வியோடு சேர்த்து அனுப்பும் முறை ஒன்று உண்டு. கூகுளின் 8.8.8.8 அதைச் செய்கிறது. கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 தனியுரிமை கருதி அதைச் செய்வதில்லை.

பையன் ஏதோ ஒரு பொது டிஎன்எஸ்ஸைப் போட்டு வைத்திருந்தான். லேப்டாப்பில் இரண்டு முறை கேட்டுப் பார்த்தேன். முதல் வரி எங்கள் நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸைக் கேட்கும். இரண்டாவதில் கடைசியில் அவன் போட்டிருந்த எண்ணைச் சேர்க்க வேண்டும், இங்கே மாதிரிக்கு 8.8.8.8 போட்டிருக்கிறேன். நடுவில் இருப்பது பிளேஸ்டேஷன் பதிவிறக்கத்துக்குப் பயன்படும் பெயர்களில் ஒன்று.

```
nslookup gs2.ww.prod.dl.playstation.net
nslookup gs2.ww.prod.dl.playstation.net 8.8.8.8
```

இரண்டு முகவரிகள் வந்தன. இரண்டையும் பிங் செய்தேன். சில சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராது, இவை தந்தன. எங்கள் டிஎன்எஸ் கொடுத்தது 4 மில்லி நொடி, அதாவது சென்னைக்குள்ளேயே. அவனுடையது கொடுத்தது 40-ஐ ஒட்டி, அதாவது சிங்கப்பூர் தொலைவு.

40 மில்லி நொடி என்பது கண் சிமிட்டும் நேரத்தைவிடக் குறைவு. அதனால் என்ன கெட்டுவிடும் என்று பையன் கேட்டான். அவனுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். சர்வர் ஒரு தவணை அனுப்பிவிட்டு, "வந்து சேர்ந்தது" என்ற பதிலுக்குக் காத்திருக்கும். ஒரு தவணை 128 கேபி என்று வைத்துக்கொள்வோம். போய்வர 40 மில்லி நொடி என்றால் நொடிக்கு 25 தவணை, அதாவது 26 எம்பிபிஎஸ். போய்வர 4 மில்லி நொடி என்றால் நொடிக்கு 250 தவணை, அதாவது 260 எம்பிபிஎஸ். உண்மையில் தவணையின் அளவு கூடிக் குறையும், ஒரே நேரத்தில் பல இணைப்புகளும் ஓடும். ஆனாலும் தூரம் வேகத்தைத் தின்னும் வழி இதுதான்.

இன்னொரு காரணத்தைச் சிறு நிறுவனத்தில் இருப்பவர்கள் நன்றாக அறிவார்கள். சென்னைக்குள் இருக்கும் சர்வரிலிருந்து தரவு எடுப்பது எங்களுக்கு மலிவு, அதற்குப் பாதையும் அகலம். கடல் தாண்டி வருவதற்கு வாங்கி வைத்திருக்கும் பாதை விலை கூடியது, குறுகலானது. இரவு எட்டு மணிக்கு மேல் எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் குறுகலான பாதைதான் முதலில் நிரம்பும். பகலில் வேகமாகவும் இரவில் மெதுவாகவும் கேம் இறங்குகிறது, ஆனால் வேகச் சோதனை இரவிலும் நன்றாகக் காட்டுகிறது என்றால், நான் சந்தேகிப்பது இதைத்தான். சோதனைச் சர்வர் பெரும்பாலும் உள்ளூரில் இருப்பதால் அது இந்தப் பாதையைத் தொடுவதே இல்லை.

டிஎன்எஸ்ஸைத் திருப்பினோம். பிஎஸ் 5-இல் Settings, Network, Settings, Set Up Internet Connection. அங்கே நம் வைஃபை பெயரைத் தேர்ந்து Advanced Settings-க்குள் போனால் DNS Settings இருக்கும். அதை Manual-இலிருந்து Automatic ஆக்கினோம். மாற்றியதும் பதிவிறக்கம் தானாக வேகமெடுக்காது. ஏற்கெனவே பிடித்த சர்வரோடுதான் அது பேசிக்கொண்டிருக்கும். நிறுத்திவிட்டு, கன்சோலை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, பிறகு தொடர வேண்டும். ஐந்து நிமிடம் கழித்து ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டிக் காட்டியது.

"அப்போ எல்லாரும் ஆட்டோமேட்டிக்லயே விட்டுடலாமாண்ணா?"

அப்படியும் சொல்ல முடியாது. இதற்கு நேர்மாறான வீட்டையும் பார்த்திருக்கிறேன். தாம்பரம் பக்கம், வேறொரு நிறுவனத்தின் இணைப்பு. அவர்களுடைய டிஎன்எஸ் வெளியூரில் இருக்கும் ஒரு சர்வருக்குக் கேள்வியைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தது. கன்சோலுக்குக் கிடைத்ததும் வெளியூர் முகவரிதான். 8.8.8.8, அதற்குத் துணையாக 8.8.4.4 என்று போட்டதும் உள்ளூர் முகவரி கிடைத்தது. அங்கே பொது டிஎன்எஸ்தான் மருந்து. எண்ணுக்கென்று தனி மகிமை எதுவும் இல்லை, அது எந்த ஊரைக் காட்டுகிறது என்பதுதான் விஷயம். Primary, Secondary இரண்டிலும் ஒரே நிறுவனத்தின் எண்களைப் போடுவது நல்லது. ஆளுக்கொன்றாகக் கலந்தால், எப்போது எது பதில் சொன்னது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

கன்சோல் வேகம் பற்றி யாராவது போனில் கேட்டால் இப்போது இந்த வரிசையில்தான் சொல்கிறேன். ஓடும் கேமை மூடிவிட்டு, முதலில் ஒயரில் போட்டுப் பாருங்கள். ஒயரிலும் சோதனை குறைவாக வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள், அது இணைப்பின் கோளாறு. ஒயரில் சரி, வைஃபையில் குறைவு என்றால் வீட்டுச் சாமான்களைப் பாருங்கள், டிஎன்எஸ்ஸைத் தொட வேண்டாம். ஒயரில் சோதனை முழுசாக வந்து, கேம் மட்டும் இழுத்தால் மட்டுமே டிஎன்எஸ்ஸுக்குப் போங்கள், அதுவும் பிங் செய்து பார்த்துவிட்டு. பெரிய கேம் வெளியாகும் இரவில் இது எதுவும் உதவாது. அன்றைக்கு எல்லா ஊர் சர்வர்களிலும் கூட்டம். Rest Mode-இல் இணையம் இயங்கும்படி Stay Connected to the Internet-ஐ இயக்கி வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.